ஷெர்லாக் ஹோம்ஸின் முழுப்பெயர் மூலக் கதைகளில் இருக்கிறதா? தேடிப் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

வாசலோரம்:

எங்கள் வாசகர் வட்டத்தில் துப்பறியும் கதைகளைப் பற்றி ஒரு வினாடி வினா நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். உறுப்பினர் ஒருவர் அனுப்பிய கேள்வி, ஷெர்லாக் ஹோம்ஸின் முழுப்பெயரையும் பிறந்த நாளையும் கேட்கிறது. விடையாக, ரசிகர்கள் நடத்தும் விக்கி ஒன்றிலிருந்து "வில்லியம் ஷெர்லாக் ஸ்காட் ஹோம்ஸ், 1854 ஜனவரி 6" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் தந்தை பெயர் சைகர், தாய் பெயர் வயலட், மூத்த அண்ணன் ஷெரின்ஃபோர்ட், இளைய அண்ணன் மைக்ராஃப்ட் என்று ஒரு குடும்பமே வரிசையாக இருக்கிறது. எந்தக் கதையில் இவை வருகின்றன என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை.

ஹோம்ஸை வைத்து ஆர்தர் கோனன் டாயில் எழுதியவை நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் மட்டுமே. எல்லாம் உரிமைக்காலம் முடிந்தவை என்பதால் அவற்றின் ஆங்கில மூலத்தை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புகளில் தேடினால் மொழிபெயர்ப்பாளர் சேர்த்ததா, ஆசிரியர் எழுதியதா என்ற இன்னொரு சந்தேகம் எழும் என்பதால் ஆங்கில மூலத்தையே எடுத்துக்கொண்டேன். "ஸ்காட்" என்று தேடியபோது விஸ்டீரியா லாட்ஜ் கதையில் ஹோம்ஸிடம் உதவி கேட்டு வரும் ஜான் ஸ்காட் எக்கிள்ஸ் அகப்பட்டார். "வில்லியம்" என்று தேடியபோது, ரைகேட் கதையில் கொலையுண்ட வண்டியோட்டி வில்லியம் கெர்வான் உட்பட வேறு மனிதர்கள் அகப்பட்டார்கள். ஹோம்ஸை அந்தப் பெயர்களால் எவரும் அழைத்ததாக ஓரிடமும் இல்லை. ஆனால் "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல இந்தத் தேடல் போதுமா என்பதே என் ஐயம். இதைப் போன்ற செய்திகளைச் சோதித்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திரைவிரும்பி:

அந்த முழுப்பெயர் பிபிசி தொலைக்காட்சித் தொடருக்காக எழுதப்பட்டது என்பதே நான் அறிந்தது. 2014 ஜனவரியில் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தின் கடைசிப் பகுதியில், விமான ஓடுதளத்தில் வாட்சனிடம் விடைபெறும் ஹோம்ஸ் தன் முழுப்பெயரைத் தானே சொல்கிறார். ஷெரின்ஃபோர்ட் என்ற பெயரும் அதே தொடரின் நான்காம் பருவத்தில் வருகிறது. அங்கே அது தீவில் உள்ள ஒரு சிறையின் பெயர். எனவே விக்கியில் எழுதியவர் தொடரைப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

பழைய பதிப்பு:

நண்பர் திரைவிரும்பி குறிப்பிடும் காட்சி உண்மைதான். ஆனால் தொடரை எழுதியவர்கள் அந்தப் பெயரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததை எடுத்து ஆண்டார்கள். வில்லியம் எஸ். பேரிங்-கூல்ட் என்ற அமெரிக்கர், ஹோம்ஸ் உண்மையில் வாழ்ந்தவர் என்ற பாவனையில் அவருக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாற்றை எழுதி 1962இல் வெளியிட்டார். வில்லியம், ஸ்காட், சைகர், வயலட், அண்ணனாக ஒரு ஷெரின்ஃபோர்ட் ஆகிய அனைத்தும் அந்த நூலில் உள்ளவை. கோனன் டாயில் இறந்தது 1930இல் என்பதால், அவருக்கும் இந்தப் பெயர்களுக்கும் இடையில் ஒரு தலைமுறை இருக்கிறது. விக்கியில் காணும் செய்தி எந்த ஆண்டில் முதன்முதலாக அச்சில் தோன்றியது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போவதுதான் என் வழக்கம். தொலைக்காட்சியோடு நின்றுவிட்டால் விடை பாதியில் நின்றுவிடும்.

கதைகளில் ஹோம்ஸ் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. 1893இல் வெளிவந்த கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கதையில், தன் முன்னோர் நாட்டுப்புற நிலக்கிழார்கள் என்றும், தன் பாட்டி வெர்னே என்ற பிரெஞ்சு ஓவியரின் சகோதரி என்றும், மைக்ராஃப்ட் தன்னைவிட ஏழு வயது மூத்தவர் என்றும் சொல்கிறார். பெற்றோரின் பெயர்களை எந்தக் கதையும் தருவதில்லை.

பிறந்த ஆண்டைப் பெயரைப் போல ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1917இல் வெளிவந்த ஹிஸ் லாஸ்ட் பவ் கதை 1914 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவில் நடக்கிறது. அதில் மாறுவேடத்தில் வரும் ஹோம்ஸ் அறுபது வயதுடைய, உயரமான, மெலிந்த மனிதராக வருணிக்கப்படுகிறார். 1914இலிருந்து அறுபதைக் கழித்தால் 1854 வருகிறது. ஆகவே 1854 என்பது மூலத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த ஆண்டு. ஆனால் மூலம் அதை நேரடியாகச் சொல்லவில்லை. வேடம் போட்டிருப்பவரின் தோற்றத்தைச் சொல்லும் வரி அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஜனவரி 6 என்ற நாள் இதைவிட மெல்லிய நூலில் தொங்குகிறது. நியூயார்க்கில் 1934இல் பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ் என்ற ரசிகர் சங்கத்தைத் தொடங்கிய கிறிஸ்டோபர் மார்லி முன்வைத்த நாள் அது. ஷேக்ஸ்பியரின் ட்வெல்ஃப்த் நைட் நாடகத்தின் ஒரே வரியை ஹோம்ஸ் இரண்டு கதைகளில் மேற்கோள் காட்டுகிறார் என்பதும், அந்த நாடகத்தின் பெயர் குறிக்கும் திருநாள் ஜனவரி 6ஐ ஒட்டி வருகிறது என்பதும் அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். தி வேலி ஆஃப் ஃபியர் நாவல் ஜனவரி 7ஆம் நாள் காலையில் தொடங்கும்போது ஹோம்ஸ் எரிச்சலாக இருப்பதால், முந்தைய இரவு பிறந்தநாள் கொண்டாட்டம் நடந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இப்படிக் கதைகளின் இடைவெளிகளைத் தர்க்கத்தால் நிரப்புவது அந்த ரசிகர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் ஓர் அறிவு விளையாட்டு. எனக்கு அதில் மிகுந்த விருப்பம் உண்டு. ஆனால் விளையாட்டின் முடிவுகளை விக்கியின் தகவல் பெட்டிக்குள் ஏற்றியதும், வாதம் போய் விடை மட்டும் எஞ்சி நிற்கிறது.

கல்லூரிச் சாலை:

ஹோம்ஸுக்கு மூலம் எடின்பரோவில் இருந்த மருத்துவர் ஜோசஃப் பெல் அல்லவா? கோனன் டாயில் அவரிடம் மருத்துவம் படித்தவர். அப்படியிருக்க, முழுப்பெயரில் ஜோசஃப் என்று இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசலோரம்:

ஐயா, பெல் அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் கேட்பது, கதைகளுக்குள் ஹோம்ஸுக்கு என்ன பெயர் தரப்பட்டிருக்கிறது என்பது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

குறிப்பேடு:

ஷெரின்ஃபோர்ட் என்ற பெயரைப் பேரிங்-கூல்டின் கற்பனை என்று முழுவதுமாக ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாவலுக்காகக் கோனன் டாயில் எழுதிவைத்த குறிப்புத்தாள் ஒன்றின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஷெரின்ஃபோர்ட் ஹோம்ஸ் என்ற பெயர் அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது. எனவே அந்த அண்ணன் ஆசிரியரின் மனத்தில் இருந்தவர்தான்; கதைகளில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

பழைய பதிப்பு:

பெயர் அவருடையது என்பது சரி. அண்ணன் என்பது சரியன்று. அந்தத் தாளில் ஷெரின்ஃபோர்ட் ஹோம்ஸ் என்பது துப்பறிவாளருக்கே முதலில் எண்ணப்பட்ட பெயர். அதே காலத்தில் வாட்சனுக்கு ஆர்மண்ட் சாக்கர் என்ற பெயர் எண்ணப்பட்டது. ஆசிரியர் கைவிட்ட பெயரைப் பிற்காலத்தவர் எடுத்து இன்னொரு மனிதருக்குச் சூட்டியிருக்கிறார்கள். இத்தகைய கலப்புதான் கண்டுபிடிக்க மிகவும் கடினமானது. சோதிப்பவருக்குப் பெயர் உண்மையான ஆவணத்தில் கிடைத்துவிடுவதால், அதனோடு ஒட்டியிருக்கும் உறவுமுறையும் அங்கிருந்தே வந்தது என்று நம்பிவிடுகிறார்.

வாசலோரம் அம்மாவின் முதல் ஐயத்துக்கு வருகிறேன். ஒன்று கோப்பில் கிடைத்தால் ஒரே சான்று போதும்; கிடைக்காவிட்டால், தேடிய கோப்புகள் முழுமையானவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடைசித் தொகுப்பான கேஸ்-புக்கில் 12 கதைகள் உள்ளன. அவற்றுள் இறுதியாக வந்தவற்றின் அமெரிக்க உரிமைக்காலம் 2023 ஜனவரி 1 அன்றுதான் முடிந்தது. அதற்கு முன் "முழுத் தொகுப்பு" என்ற பெயரில் இணையத்தில் சுற்றிய சில கோப்புகளில் அந்த 12 கதைகளும் இருக்காது. தலைப்புகளை எண்ணி 60 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து, இந்தக் கோப்புகளில் வரிகள் ஏறத்தாழ 70 எழுத்துகளில் முறிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஒரு பெயரின் முதற்பகுதி ஒரு வரியின் முடிவிலும் மறுபகுதி அடுத்த வரியின் தொடக்கத்திலும் அமைந்துவிட்டால், இரண்டையும் சேர்த்துத் தேடுபவருக்கு அது அகப்படாது. நான் ஒவ்வொரு சொல்லையும் தனியாகத் தேடி, முன்பின் வரிகளையும் சேர்த்துப் படிப்பேன்.

```
grep -n -i -w -C 2 "Scott" *.txt
```

பதிப்பு வேறுபாடும் ஏமாற்றும். தி கார்ட்போர்டு பாக்ஸ் கதை 1893இல் இதழில் வந்தபின், மெமாயர்ஸ் தொகுப்பின் முதல் பிரிட்டிஷ் பதிப்பில் சேர்க்கப்படவில்லை. அதன் தொடக்கத்தில், வாட்சனின் எண்ண ஓட்டத்தை ஹோம்ஸ் படித்துச் சொல்லும் பகுதி, தி ரெசிடெண்ட் பேஷண்ட் என்ற வேறொரு கதைக்கு மாற்றப்பட்டது. அதனால் விக்கி சொல்லும் காட்சி ஒருவருடைய புத்தகத்தில் ஒரு கதையிலும் மற்றவருடைய புத்தகத்தில் வேறு கதையிலும் இருக்கக்கூடும். இருவரும் சரியாகவே படித்திருப்பார்கள்.

மழைக்கால வாசகி:

எனக்கு இப்படி நேர்ந்தது வாட்சனின் நடுப்பெயரில். "ஹேமிஷ்" என்று விக்கி சொன்னது. அதன் கீழ் அடிக்குறிப்பும் இருந்தது. அடிக்குறிப்பு இருந்ததால் பலரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. அந்த இணைப்பைத் திறந்தபோது அது ஒரு செய்தித்தளக் கட்டுரைக்குப் போயிற்று. கட்டுரையில் ஆதாரம் எதுவும் இல்லை. விக்கிப் பக்கத்தின் திருத்த வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தபோது, அந்தப் பெயர் கட்டுரை வெளியான தேதிக்கு வெகு காலம் முன்பே அங்கே சேர்க்கப்பட்டிருந்தது. விக்கியிலிருந்து கட்டுரைக்குப் போன செய்தியே, பிறகு கட்டுரையின் பெயரால் விக்கிக்குச் சான்றாகத் திரும்பியிருக்கிறது என்று நான் முடிவுசெய்தேன்.

பின்னர் கதைகளைப் பார்த்தேன். முதல் நாவலிலேயே "ஜான் எச். வாட்சன்" என்று இருக்கிறது, அந்த எழுத்தின் விரிவு எங்கும் தரப்படவில்லை. தி மேன் வித் தி ட்விஸ்டெட் லிப் கதையில் அவருடைய மனைவி அவரை "ஜேம்ஸ்" என்று அழைக்கிறார். நாவலாசிரியர் டாரதி சேயர்ஸ் ஒரு கட்டுரையில், ஜேம்ஸுக்கு இணையான ஸ்காட்லாந்துப் பெயர் ஹேமிஷ் என்பதால் அந்த எழுத்து அதையே குறிக்கும் என்று வாதிட்டார். வாதம் அழகானது. ஆயினும் ஆசிரியரின் மறதியாலும் அந்த "ஜேம்ஸ்" வந்திருக்கலாம் என்பதால், நடுப்பெயரை உறுதியானதாக நான் எழுதமாட்டேன்.

திரைவிரும்பி:

அப்படியானால், காதுமடல் உள்ள அந்தத் தொப்பியும் ரசிகர் கற்பனைதானா?

பழைய பதிப்பு:

பாஸ்கம் பள்ளத்தாக்குக் கதையில் தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று மட்டுமே இருக்கிறது. 1891இல் அதற்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட் அதை வேட்டைக்காரர் அணியும் தொப்பியாக வரைந்தார். பின்னர் வந்த சில்வர் பிளேஸ் கதையில் காதுமடல் கொண்ட பயணத்தொப்பி என்று ஆசிரியரே எழுதுகிறார். கதையோடு அதே இதழில், ஆசிரியர் வாழ்ந்த காலத்திலேயே அச்சான படங்கள் என்பதால், நான் அவற்றை மூலத்தின் ஒரு பகுதியாகவே கொள்கிறேன்.

மழைக்கால வாசகி:

அதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. படம் பேஜெட்டின் வாசிப்பு. ஆசிரியரின் சொல் அன்று. படங்களைச் சேர்த்தால் குறிப்பேடு நண்பர் சொன்ன கைத்தாளையும் சேர்க்க வேண்டும். அப்போது ஷெரின்ஃபோர்ட் மறுபடியும் உள்ளே வந்துவிடுவார்.

குறிப்பேடு:

வரட்டும் என்பதே என் கருத்து. அண்ணனாக அல்லாமல், கைவிடப்பட்ட பெயராக.

வாசலோரம்:

இந்த வேறுபாட்டை இங்கே தீர்க்க இயலாது என்று நினைக்கிறேன். என்னிடமிருந்த தொகுப்பில் தலைப்புகளை எண்ணிப் பார்த்தேன். கேஸ்-புக் கதைகள் அதில் இல்லை. அவற்றைத் தனியாகத் தரவிறக்கி அதே சொற்களைத் தேடியபோதும் ஹோம்ஸுக்கு அந்தப் பெயர்கள் கிடைக்கவில்லை. வினாடி வினாவில் கேள்வியை "1962இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலில் ஹோம்ஸுக்குத் தரப்பட்ட முழுப்பெயர் என்ன?" என்று மாற்றிவிட்டேன். பிறந்தநாள் கேள்வியை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் பாட்டியின் சகோதரரான ஓவியரைக் கேட்டிருக்கிறேன்.