புதுப்பிப்பு: நியூஸ் ஆப் தேடினது, இப்போ எங்க நிக்குது

நான் கேட்டது: "தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் நம்பகமான நியூஸ் மட்டும் வரணும், அலர்ட் தொல்லை வேணாம், அப்புறமா படிக்க சேவ் பண்ணணும், எந்த ஆப்?"

ஒருத்தர் பாக்கெட்னு கட்டுரை சேவ் பண்ற ஆப் போடுங்கன்னாரு, ஐடியா சரிதான் ஆனா அதை 2025 ஜூலைலயே மூடிட்டாங்க. இன்னொருத்தர் போனை சைலண்ட்ல போட சொன்னாரு, நான் கேட்டது அது இல்லீங்க 😄

ஆர்எஸ்எஸ் ரீடர், அதாவது நாம சேத்த தளங்களோட புது செய்தியை ஒரே இடத்துல காட்டுற ஆப், அதை சொன்னவர்தான் கரெக்ட். ஆண்ட்ராய்டுல Feeder, இலவசம். நம்பகமானதை ஆப் பிரிச்சு தராது, எந்த தளம் வேணும்னு நாமதான் சேக்கணும், நான் முதல்ல சேத்தது பிபிசி தமிழோட ஃபீடு, அதாவது புது செய்தி வர்ற லிங்க்:

```
https://feeds.bbci.co.uk/tamil/rss.xml
```

நோட்டிஃபிகேஷன் ஒவ்வொரு ஃபீடுக்கும் தனியா இருக்கு, எல்லாத்துக்கும் ஆஃப்.

வேற ஒரு தமிழ் தளத்துல ஜோதிடமா கொட்டுச்சு, பிளாக் லிஸ்ட்ல "ஜோதிடம்"னு போட்டா "ஜோதிடத்தில்", "ஜோதிடர்" எல்லாம் தப்பிச்சு வந்துடும், அதனால "ஜோதிட"ன்னு சொல்லோட அடிப்பகுதியை மட்டும் போடுங்க, ஆனா ரொம்ப சின்னதா வெட்டுனா நல்ல செய்தியும் போயிடும், "ராசி"ன்னு போட்டா "பேராசிரியர்" செய்தியும் காலி.

சேவ் பண்ண இன்ஸ்டாபேப்பர் பாத்துட்டு இருக்கேன், சந்தா கட்டி படிக்கிற கட்டுரைங்க முழுசா விழுமான்னு இன்னும் தெளிவாகல.