முன்பணத்துக்குப் பதிலாக ஜாமீன்தாரர்: வீட்டு உரிமையாளரிடம் எப்படிக் கேட்பது?

புதுப்பட்டதாரி: வணக்கம். படிப்பை முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறேன். நான் பார்த்திருக்கும் வீட்டின் உரிமையாளர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். என்னிடம் இரண்டு மாத வாடகைக்குத்தான் பணம் இருக்கிறது. என் சித்தப்பா ஜாமீன் நிற்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் உரிமையாளரோ, "ஜாமீனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்கிறார். அவரை இணங்கவைக்க வழியுண்டா?

வாசல்திண்ணை: வாடகை ஒப்பந்தத்தில் சித்தப்பாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாடகை நின்றால் அவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று உரிமையாளருக்குத் தைரியம் வந்துவிடும்.

சாவிக்கொத்து: சித்தப்பாவின் கையெழுத்து தேவைதான், ஆனால் சாட்சியாக அன்று. நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தேன் என்பதற்கு மேல் சாட்சிக்குப் பொறுப்பில்லை. வாடகைப் பாக்கிக்குத் தாம் பொறுப்பு என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது ஜாமீன் ஆகும்.

வீட்டை வாடகைக்கு விடுபவன் என்ற முறையில் சொல்கிறேன், உரிமையாளரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முன்பணம் கையில் இருந்தால், கடைசி இரண்டு மாத வாடகையைத் தராமல் ஒருவர் காலி செய்தாலும் கழித்துக்கொள்ளலாம். ஜாமீன்தாரரிடமோ கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவர் மறுத்தால் வழக்குவரை போக வேண்டும். ஆகவே முன்பணமே தரமாட்டேன் என்று தொடங்காதீர்கள். இரண்டு மாத வாடகையை ரொக்கமாகக் கொடுத்து, மீதி நான்கு மாத வாடகை அளவுக்குச் சித்தப்பா பொறுப்பேற்பார் என்று சொல்லுங்கள். சிறு பழுதும் சிறு பாக்கியும் ரொக்கத்திலேயே தீர்ந்துவிடும். பெரிய பாக்கி விழுந்தால்தான் அவர் சித்தப்பாவைத் தேட வேண்டியிருக்கும். மாதம் அரை மாத வாடகை வீதம் முன்பணத்தைக் கூட்டித் தருவதாகவும், அந்த அளவுக்கு ஜாமீன் குறையும் என்றும் சேர்த்து எழுதினால், எட்டு மாதத்தில் சித்தப்பா விடுபடுவார். அவருடைய சம்பளச் சீட்டுகளையும் உங்கள் பணி நியமனக் கடிதத்தையும் கேட்பதற்கு முன்பே நீட்டுங்கள்.

மாடிவீடு: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குடியிருந்தோம். என் தந்தை முழு வாடகைக்கும் ஜாமீன் எழுதியிருந்ததால், தோழி பாதியில் போனபோது அவளுடைய பங்கும் எங்கள் தலையில் விழுந்தது.

புதுப்பட்டதாரி: நான் தனியாகத்தான் தங்கப்போகிறேன். ஓராண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் ஜாமீனும் தொடருமா? சித்தப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்; அதையும் சொல்ல வேண்டுமா?

சாவிக்கொத்து: தொடருமா என்பது பத்திர வாசகத்தையும் அந்த இடத்துச் சட்டத்தையும் பொறுத்தது. முடிவுத் தேதியைக் குறிப்பிட்டு, புதுப்பித்தால் புதிய கையெழுத்து வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வாடகை 15 நாள் தாமதமானால் சித்தப்பாவுக்கு உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். இல்லையென்றால் பாக்கி குவிந்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும். ஓய்வு பெறுவதை மறைக்காதீர்கள். ஓய்வூதியம் உறுதியாக வருமென்றால் நான் ஏற்பேன். சம்பளக்காரர்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு, உங்கள் உரிமையாளர் எந்த ரகமோ.