நேரிணைப்பு ஆட்டத்தில் எதிராளிக்கு ஐ.பி. தெரிவது: ‘முகவரிக் கசிவு’ என்பது சரியா?

செல்வி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இருவர் மோதும் சண்டை விளையாட்டு ஒன்றின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். நடுவில் சர்வர் இல்லாமல் இரண்டு வீட்டுக் கணினிகளும் நேராகப் பேசிக்கொள்ளும் ஆட்டத்திற்கு ‘நேரிணைப்பு’ என்று வைத்துவிட்டேன். அந்த ஆட்டத்தில் ஒருவருடைய ஐ.பி. முகவரி எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்று எச்சரிக்கும் வரிக்கு ‘முகவரிக் கசிவு’ என்று எழுதினேன்; படித்துப் பார்த்த என் அக்கா, “வீட்டு விலாசத்தையா கொடுத்துவிடுகிறது?” என்று பதறிவிட்டார். வேறு சொல் வேண்டும்.

மரகதம் எழுதியது:

உங்கள் அக்கா பதறியதில் தவறில்லை, அம்மா. ஐ.பி.யை இணையத்தில் தேடினால் வரைபடத்தில் வீடே வந்து நிற்கும் என்று எங்கள் பள்ளியில் கணினி வகுப்பிலேயே சொல்லித் தருகிறோம். ஆகவே ‘முகவரி’ என்ற சொல் பொருத்தமே. எச்சரிக்கை கடுமையாக இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது.

கார்த்திக் எழுதியது:

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். சென்ற ஆண்டு என் தம்பி ஒருவனை மூன்று சுற்றிலும் தோற்கடித்தான். உடனே தோற்றவன் உரையாடல் பெட்டியில் எங்கள் இணைய நிறுவனத்தின் பெயரையும் ‘சென்னை’ என்ற ஊர்ப் பெயரையும் எழுதி, “வீடு தெரியும்” என்று மிரட்டினான். அடுத்த ஆட்டம் தொடங்கியதும் வீட்டு இணைப்பு முழுவதும் நின்றுபோய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. அம்மா இரவெல்லாம் வாசல் விளக்கை அணைக்கவே இல்லை. அவனுக்கு உண்மையில் எவ்வளவு தெரிந்திருக்கும்?

இளங்கோவன் எழுதியது:

தம்பி கார்த்திக், நீங்கள் திண்டுக்கல்லில் இருக்க அவன் சென்னை என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஐ.பி.யை ஊரோடு பொருத்தும் தரவுத்தளங்கள், நிறுவனம் தன் எண்தொகுதியை எந்த ஊர்க் கணக்கில் வைத்திருக்கிறதோ அதையே பெரும்பாலும் காட்டுகின்றன, வீட்டைக் காட்டுவதில்லை. எந்த நேரத்தில் எந்த எண் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்ற பதிவு நிறுவனத்திடம்தான் இருக்கும். அது சட்டப்படி கேட்கும் அதிகாரிகளுக்கே கிடைக்க வேண்டியது.

மரகதம் அம்மையார் சொல்லும் வரைபடப் புள்ளியை நம்பியதால் வந்த கேடு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத ஐ.பி.களுக்கெல்லாம், அத்தகைய தரவுத்தளம் ஒன்றைத் தரும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி கேன்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. யாரோ செய்த மோசடிகளுக்காகக் காவல்துறையினரும் ஏமாந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு நீர்நிலைக்கு நகர்த்தியது. ‘முகவரி’ என்ற சொல் இங்கே செய்யும் தீங்கும் இதே வகையானது. எண் என்றே சொல்வோம், ‘ஐ.பி. எண்’ போதும்.

‘கசிவு’ என்பதையும் நான் ஏற்கவில்லை. கசிவது ஓட்டையால். இங்கே ஓட்டை ஏதும் இல்லை. இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடுகின்றன; ஒரு சட்டகத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதனால்தான் சுற்றுவழியைத் தவிர்த்து, ஜோடி சேர்க்கும் சர்வர் இருவருடைய எண்ணையும் இருவருக்கும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. என் சொந்தக் கணினிகள் இரண்டை வெவ்வேறு இணைப்புகளில் வைத்து ஆடிக்கொண்டே, வந்துபோகும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் `udp` என்று வடிகட்டினேன். கண்ணில் பட்டது இதுதான், எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
192.168.1.34  ->  203.0.113.25   UDP
203.0.113.25  ->  192.168.1.34   UDP
```

இடையறாது ஓடும் இந்த இரு வரிகளில் 203 என்று தொடங்குவது எதிராளியின் எண். அது தெரியாமல் அவருக்குப் பொட்டலம் அனுப்பவே முடியாது. ஆகையால் ‘வெளிப்பாடு’ என்பதே நேர்மையான சொல்: ‘நேரிணைப்பு வெளிப்பாடு’.

உங்கள் வீட்டு இணைப்பு நின்றது, அந்த எண்ணை நோக்கிக் குப்பைப் பொட்டலங்களைக் கொட்டியதால் இருக்கலாம். ஆட்டம் மட்டும் திணறினால் விளையாட்டின் கோளாறு என்று எண்ணலாம். வீட்டுத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் சேர்ந்து நின்று, ரௌட்டரின் பக்கம் மட்டும் திறந்தால் தாக்குதலை ஐயுறலாம். அறுபட்டது நிறுவனத்தின் வழக்கமான கோளாறாலும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கார்த்திக் எழுதியது:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஐயா. நன்றி. அன்று தொலைக்காட்சியும் நின்றது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறிவிடும், அத்தோடு தீர்ந்தது என்கிறார்களே?

இளங்கோவன் எழுதியது:

பாதி உண்மை. சில நிறுவனங்கள் புதிய எண் தரும். சில அதே எண்ணைத் திரும்பத் தரும். முன்னும் பின்னும் ரௌட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். அங்கே காணும் எண் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது என்று பொருள்; எதிராளி காண்பது அந்தப் பொது எண்ணையே. ஆனால் அதே இணைப்பில் புதுவகை நீள எண்ணாகிய ஐ.பி.வி6 இருந்து, விளையாட்டும் அதைப் பயன்படுத்தினால் இந்தத் திரை விலகிவிடும். அதன் முன்பாதி உங்கள் வீட்டுக்கே உரியது. கணினி பின்பாதியை அவ்வப்போது மாற்றிக்கொண்டாலும் முன்பாதி காட்டிக்கொடுக்கும்.

வழி இரண்டு. விளையாட்டிலேயே, நடுவில் ஒரு சர்வர் வாங்கிக் கொடுக்கும் ‘ரிலே’ வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டேட்டாகிராம் ரிலே இதற்கென்றே இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தும் விளையாட்டுகளுக்கு மட்டுமே காவல். இல்லையென்றால், உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பி எண்ணை மறைக்கும் வி.பி.என். அதன் சர்வர் தொலைவில் இருந்து போய்வரும் நேரம் 50 மில்லிநொடி கூடினால் மூன்று சட்டகம் போயிற்று. ஆகவே உங்களுக்கும் எதிராளிக்கும் இடைப்பட்ட ஊரிலுள்ள சர்வராகப் பாருங்கள். நண்பர்களோடு நேரிணைப்பு, முகம் தெரியாதவரோடு வேறு வழி என்று பிரித்துக்கொள்வதே என் வழக்கம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தம்பியின் ஆட்டப் பெயர். அதே பெயரில் சமூக வலைத்தளக் கணக்கும் பள்ளிச் சீருடைப் படமும் இருந்தால், ஊர்ப் பெயரோடு சேர்த்து உண்மையான வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். மிரட்டலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விளையாட்டு நிறுவனத்திடம் முறையிடுங்கள். பதில் மட்டும் எழுத வேண்டாம்.

ரவீந்திரன், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியது:

‘வெளிப்பாடு’ எனக்கும் உவப்பே. ஆனால் ‘ரிலே’யை அப்படியே விடலாமா? எங்கள் பக்கம் நேரடி ஒளிபரப்பை ‘நேரஞ்சல்’ என்போம். அந்த வழியில் ‘இடையஞ்சல்’ என்று வைக்கலாம்: இடையில் நிற்பவர் வாங்கிக் கொடுக்கிறார், இரு முனையும் ஒன்றையொன்று காண்பதில்லை.

மரகதம் எழுதியது:

என் பாடக்குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். ஆயினும் அஞ்சல் என்றால் எங்கள் மாணவர்களுக்குத் தபால்தான். முகவரியை விலக்கிவிட்டுத் தபாலைக் கொண்டுவருவது மறுபடியும் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடாதா? ‘இடைவழி’ போதுமே.

இளங்கோவன் எழுதியது:

‘இடைவழி’ பாதையைச் சொல்கிறது, கடத்துபவரைச் சொல்லவில்லை. இடையில் இருக்கும் ரௌட்டர்கள் எல்லாமே இடைவழிதான்; அவை எண்ணை மறைப்பதில்லை. எனக்கு ‘இடையஞ்சல்’ பிடித்திருக்கிறது. அம்மையாரின் தடையும் நியாயமானதே.

செல்வி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எச்சரிக்கை வரியை இப்படி அனுப்புகிறேன்: “நேரிணைப்பில் உங்கள் ஐ.பி. எண் எதிராளிக்கு வெளிப்படும். இது உங்கள் வீட்டு விலாசம் அன்று.” பொத்தானில் இப்போதைக்கு ‘ரிலே வழி’ என்றே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதான் கோப்பை ஒப்படைக்கிறேன். அதற்குள் தபாலை நினைவூட்டாத ஒரு சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.