முதன்மை ஸ்விட்ச் மாற்றம்: இரவுப் பணி ஊழியர்களுக்கான அறிவிப்பில் என்ன விடுபட்டிருக்கிறது?

கேட்டவர்: கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், திருச்சி

வணக்கம். 150 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் வரும் வார இறுதியில் முதன்மை நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றவிருக்கிறோம். ஊழியர்களுக்கான அறிவிப்பை இவ்வாறு எழுதியிருக்கிறேன்:

"சனிக்கிழமை இரவு 1 மணி முதல் 3 மணி வரை பராமரிப்புப் பணி நடைபெறுவதால் நெட்வொர்க் சேவை இருக்காது. உதவிக்கு இன்டர்காம் 222. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இதைப் படிக்கும் வார்டு செவிலியருக்கு வேறு என்ன தெரிய வேண்டும்?

மின்பணியாளர், கரூர்

யூபிஎஸ் பேட்டரிகளை முந்தின நாளே சோதித்துவிடுங்கள். ஐசியூவுக்கு ஜெனரேட்டர் இணைப்பு தனியாக இருக்கிறதா?

கேட்டவர்

மின்சாரம் எங்கும் நிற்காது, ஐயா. நெட்வொர்க் மட்டுமே நிற்கிறது.

நிர்வாக அலுவலர், ஈரோடு

"நெட்வொர்க் சேவை" என்றால் யாருக்கும் விளங்காது. நோயாளி பதிவு, லேப் முடிவு, மருந்தக பில் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நேரத்தை மட்டும் ஒரு மணி நேரம் என்று குறைத்துச் சொல்லுங்கள். கூடுதலாகச் சொன்னால் வீண் பதற்றம் வரும்.

நெட்வொர்க் பொறியாளர், கோவை

சேவைகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது சரி. நேரத்தைக் குறைத்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் சொன்ன நேரம் கடந்ததும் எல்லாரும் உங்களையே அழைப்பார்கள், அந்த நேரத்தில் உங்கள் கைகள் கேபிளில் இருக்கும். பழைய ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்ட 90 நிமிடம், சோதிக்க 45 நிமிடம், சரிவராவிட்டால் பழையதையே திரும்ப மாட்ட 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 1:00 மணிக்குத் தொடங்கும் வேலை 4:15 வரை போகலாம். ஆகவே 4:30 என்று அறிவியுங்கள். 3:15-க்குள் புதிய ஸ்விட்ச் சரியாக இயங்காவிட்டால் மேலும் முயலாமல் பழையதற்குத் திரும்பிவிட வேண்டும்.

"சனிக்கிழமை இரவு 1 மணி" என்பதை வெள்ளி நள்ளிரவுக்குப் பின் என்று ஒருவரும், சனி நள்ளிரவுக்குப் பின் என்று இன்னொருவரும் படிப்பார்கள். "ஞாயிறு அதிகாலை 1:00" என்று தேதியோடு எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, உங்கள் இன்டர்காம் ஐபி ஃபோன்தானா? அப்படியானால் வார்டு ஸ்விட்சிலிருந்து மின்சாரம் வருவதால் திரையில் விளக்கு எரியும், ஆனால் முதன்மை ஸ்விட்ச் இல்லாததால் ஃபோன் எக்ஸ்சேஞ்சை எட்டாது, அழைப்பும் போகாது. உதவிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் எண் நெட்வொர்க்கோடு சேர்ந்தே நின்றுவிடும்.

லேப் டெக்னீஷியன், மதுரை

நான் முன்பு வேலை செய்த இடத்தில் இது நடந்தது. அனலைசர் இயந்திரம் ஓடியது, முடிவும் அதன் திரையில் வந்தது, ஆனால் வார்டுக்கு அனுப்ப வழியில்லை. பொட்டாசியம் மிக அதிகமாக இருந்த ஒரு முடிவைச் சொல்ல நானே மூன்று மாடி ஏறிப் போனேன். எனவே உடனே தெரிவிக்க வேண்டிய முடிவை எந்தக் கைபேசிக்குச் சொல்வது என்று வார்டுவாரியாக எழுதிக் கொடுங்கள். கேட்டு எழுதுபவர் நோயாளி எண்ணையும் முடிவையும் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த நேரத்தில் வரும் புதிய நோயாளிகளுக்கு எண் எப்படிக் கொடுப்பீர்கள்? நாங்கள் காகிதத்தில் இஷ்டத்துக்கு எண் போட்டதால், பிறகு கணினியில் ஏற்றும்போது ஒரே எண்ணில் இருவர் வந்தார்கள்.

கேட்டவர்

எங்களுடையது ஐபி ஃபோன்தான். மென்பொருளில் 40 எண்களை ஒதுக்கி, பார்கோடு லேபிள்களை அன்று மாலையே அச்சிட்டு அவசரப் பிரிவில் வைத்துவிடுகிறேன். அறிவிப்பைத் திருத்தியிருக்கிறேன், தேதியும் எண்களும் அனுப்பும்போது சேரும்:

"ஞாயிறு (தேதி) அதிகாலை 1:00 முதல் 4:30 வரை, அதாவது சனிக்கிழமை இரவுப் பணியின்போது, நோயாளி பதிவு, லேப் முடிவுகளைக் கணினியில் பார்ப்பது, மருந்தக பில், இன்டர்காம் ஆகியவை இயங்கா. ஐசியூ மானிட்டர்களில் படுக்கையருகே உள்ள அலாரம் ஒலிக்கும். செவிலியர் மேசைத் திரைக்கு வராது. சிடி படங்களை ஸ்கேன் அறைத் திரையிலேயே பார்க்கலாம். புதிய நோயாளிகளுக்கு அவசரப் பிரிவில் உள்ள லேபிள்களை மட்டும் வரிசைப்படி பயன்படுத்தவும். உதவிக்கு: கணினிப் பிரிவுக் கைபேசி (எண்). பதில் இல்லையெனில்: இரவு மேற்பார்வையாளர் கைபேசி (எண்). பணி முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒவ்வொரு வார்டுக்கும் சொல்வார். அதுவரை காகிதத்திலேயே எழுதவும்."

நெட்வொர்க் பொறியாளர், கோவை

நன்றாக இருக்கிறது. கைபேசியை ஸ்விட்ச் மாட்டுபவரிடம் கொடுக்காமல், வேறொருவரிடம் கொடுங்கள். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்றும் அதே நேரத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

நிர்வாக அலுவலர், ஈரோடு

4:30 என்பது இன்னும் நீளமாகவே எனக்குப் படுகிறது. இதை அவசரப் பிரிவு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்களா?

கேட்டவர்

இன்னும் இல்லை. ஆம்புலன்ஸ்களை அந்நேரம் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்கிறார்கள். நாளை அவர்களோடு பேசிய பிறகே அறிவிப்பு வெளியாகும்.