லெவரேஜுக்கு என்ன சொல் வைக்கலாம்?

கவிதா: ஒரு நிறுவனத்தின் ஈட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் டூபான்ட் முறை பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் பார்க்கிறேன். ரிட்டர்ன் ஆன் ஈக்விட்டிக்கு 'சொந்த முதல் ஈட்டம்'. அதைப் பிரித்தால் வரும் மூன்றில் இரண்டுக்கு 'விற்பனை லாப வீதம்', 'சொத்துச் சுழற்சி' என்று போட்டுவிட்டேன். மூன்றாவதான லெவரேஜ்தான் இடிக்கிறது. 'நெம்புகோல்' என்றால் இயற்பியல் பாடம் மாதிரி இருக்கிறது.

இளங்கோ: 'கடன் விகிதம்' போதுமே. கடன் எவ்வளவு என்பதுதானே விஷயம்?

மீனாட்சி: பாதி சரி, இளங்கோ. இங்கே மொத்தச் சொத்தைச் சொந்த முதலால் வகுக்கிறோம். கடனைச் சொந்த முதலால் வகுத்தால் விடை ஒன்று குறையும், பெருக்கினால் கணக்கு ஒட்டாது.

ஒரு நிறுவனம்: விற்பனை 1000, லாபம் 50, சொத்து 500, சொந்த முதல் 250 என்று வையுங்கள். லாபத்தை விற்பனையால், விற்பனையைச் சொத்தால், சொத்தைச் சொந்த முதலால் வகுத்துப் பெருக்கினால் 5% × 2 × 2 = 20%. அப்புறம் 10% வட்டிக்கு 100 கடன் வாங்கித் தன் பங்குகளையே திரும்ப வாங்குகிறது. வரியை விட்டுவிடுவோம். வட்டி போக லாபம் 40, சொந்த முதல் 150. இப்போது 4% × 2 × 3.33, கிட்டத்தட்ட 26.7%. வியாபாரத்தில் ஒரு துரும்பும் அசையவில்லை, ஈட்டம் மட்டும் ஏறிவிட்டது. பிரித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொன்று, டூபான்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் 1910களில் இதை வகுத்தபோது முதல் இரண்டு உறுப்புகள்தான். அவர் பார்த்தது முதலீட்டின் ஈட்டம். மூன்றாவது பிற்பாடு சேர்ந்தது.

ரஃபீக்: நான் ஜவுளி வியாபாரி. வங்கிக் கடன் ஒரு பைசா கிடையாது. மில்காரர் 60 நாள் தவணையில் சரக்கு தருகிறார். அப்படியானால் எனக்கு இது 1 தானே?

மீனாட்சி: இல்லை, பாய். கடையின் மொத்தச் சொத்து 40 லட்சம், அதில் மில்லுக்குத் தர வேண்டியது 25 லட்சம் என்றால் உங்கள் முதல் 15 லட்சம்தான். 40-ஐ 15-ஆல் வகுத்தால் 2.67. வட்டியில்லாத பாக்கியும் இதில் சேரும். 'கடன் விகிதம்' வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். 'முதல் பெருக்கி' என்று வைக்கலாம்.

ரஃபீக்: வட்டியே இல்லையே, பிறகு என்ன ஆபத்து?

மீனாட்சி: ஒரு சீசன் சரக்கு தேங்கினாலும் 60-ஆம் நாள் பணம் தந்தாக வேண்டுமே.

இளங்கோ: 'முதல் பெருக்கி' என்றால் 'முதலாவது பெருக்கி' என்று படிப்பார்கள். நான் அப்படித்தான் படித்தேன்.

கவிதா: அப்படியானால் 'மூலதனப் பெருக்கி'. ஆனால் பெருக்கி என்றாலே லாபம் பெருகும் என்ற நினைப்பு வரும். நஷ்ட வருஷத்தில் அதே 3.33 நஷ்டத்தையும் அல்லவா பெருக்கும்? சேர்ந்த நஷ்டத்தில் சொந்த முதலே எதிர்மறைக்குப் போனால், நஷ்டம் காட்டும் நிறுவனத்துக்கும் ஈட்டம் நேர்மறையாக வந்து நிற்கும்!

மீனாட்சி: அங்கே இந்தக் கணக்கையே போடக் கூடாது. சொல்லுக்கு வருவோம். 'பெருக்கி' நடுநிலையானது என்பேன்.

இளங்கோ: எனக்கு இன்னும் 'நெம்பு வீதம்' மேல்தான் கண்.