"சரி டாக்டர்" என்று மட்டும் சொன்ன பயிற்சி மருத்துவர்: மதிப்பீட்டில் என்ன எழுதுவீர்கள்?

மூன்றாம் மாடி

மதிப்பீட்டுப் படிவத்தை அனுப்பிவிட்டேன். ஆனாலும் மனம் அதைச் சுற்றியே வருகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பொது மருத்துவ வார்டு, என்னிடம் பயிற்சியில் இருந்த முதல் வருட எச்ஓ தம்பி, இரவு கால் டியூட்டி. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்த தமிழ் ஐயா ஒருவருக்குப் பொட்டாசியம் 6.6 என்று ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வருகிறது. தம்பி உடனே இசிஜி எடுத்தார். டி அலைகள் கூர்கூராக நின்றன. கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை மெதுவாக ஏற்றி, அடுத்து இன்சுலின் 10 யூனிட்டும் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 40 மில்லியும் கொடுத்திருக்கிறார். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

இன்சுலினுக்கு முன் ஐயாவின் சர்க்கரை 5.2தான். தம்பி "காலையில் பொட்டாசியம் மறுபடி பார்க்கவும்" என்று எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். மணிக்கொரு முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும்படி எழுதவில்லை. தமக்கு மேலே இருக்கும் எம்ஓவையும் கூப்பிடவில்லை. பழுதான சிறுநீரகம் இன்சுலினைச் சீக்கிரம் வெளியேற்றாது. கொடுத்த டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்த பிறகும் இன்சுலின் வேலை செய்துகொண்டே இருக்கும். விடியற்காலையில் ஐயா சட்டை நனைய வியர்த்துக் கிடப்பதைத் தாதி பார்த்திருக்கிறார். குத்திப் பார்த்தால் 2.7. டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்ததும் தெளிந்துவிட்டார், வேறு பாதிப்பு இல்லை.

இப்போது என்னை விடாத விஷயம். காலை ரவுண்ட்ஸுக்கு நான் போனபோது திரைக்கு அந்தப் பக்கம் தம்பி ஐயாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஐயாவின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்திருந்தார். "ஐயா, உங்கள் ரத்தத்தில் பொட்டாசியம்னு ஒரு உப்பு கூடிப்போச்சு. அது இதயத் துடிப்பைக் கெடுக்கும். அதை இறக்க ஊசி போட்டோம். அந்த ஊசியாலேதான் சர்க்கரை இறங்கிப்போச்சு. மணிக்கொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கணும், நான் சொல்லலை. மன்னிச்சுக்கோங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்போ நான் சொன்னதை உங்க மகளுக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். ஐயா தம் வார்த்தையில் சரியாகவே சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் வருட மருத்துவர் ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று மதியம் தனியறையில் நான் அதே விஷயத்தை எடுத்தபோது அந்த மனிதரே இல்லை. தலை குனிந்தபடி, "சரி டாக்டர்." ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "சரி டாக்டர், இனி கவனமா இருக்கேன்." அதோடு முடிந்தது.

பின்னூட்டத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கிறதே, அதில் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? என் சக மருத்துவர் ஒருவர் "ஈடுபாடு இல்லை" என்று எழுதச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

கால் முடிஞ்ச எம்ஓ

டாக்டர், அந்தத் தம்பி பக்கம் நின்று எழுதுகிறேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் படிவம் நிரப்புபவர். நாளைக்கு ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தால் அவருடைய ஒரு வார்த்தை எங்கெங்கோ போகும். அந்த அறையில் யார் மனம் திறந்து பேசுவார்கள்? ஐயாவிடம் பேச முடிந்ததற்குக் காரணம், ஐயா அவருக்கு மதிப்பெண் போடமாட்டார்.

ஆனால் எம்ஓவைக் கூப்பிடவில்லை என்பதைக் குறையாக எழுதியிருந்தால் அது நியாயமில்லை. வைத்தியம் தெரிந்தவர் எதற்குக் கூப்பிட வேண்டும்? நான் எச்ஓவாக இருந்தபோது சந்தேகம் வந்தால் கூப்பிட்டுவிடுவேன். போஸ்டிங் முடிவில் என் மேற்பார்வையாளர் எழுதியது ஒரே வரி: "தன்னம்பிக்கை கூட வேண்டும்." எந்த இரவு, எந்த நோயாளி, எதுவும் கிடையாது. இன்றுவரை அந்த வரியை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. கூப்பிட்டால் நம்பிக்கை இல்லை, கூப்பிடாவிட்டால் கணிப்பு இல்லை என்றால் எப்படி?

எப்படியும் நேரில் பார்த்து மதிப்பெண் போடும் மினி சிஇஎக்ஸில் 7, 8 வாங்கியிருந்தால் பாஸ்தான். அதற்குமேல் இந்தக் கட்டங்களுக்கு மதிப்பு கிடையாது.

யீஷூன் மகள்

இந்த மாதிரி டாக்டர்கள் மேல் எங்கே புகார் கொடுப்பது என்று பேசுகிறீர்கள் என நினைக்கிறேன், என் அனுபவத்தையும் சொல்கிறேன். அப்பாவுக்கும் பொட்டாசியம் கூடித்தான் சேர்த்தோம். இளம் டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்தே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போனார். அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். டாக்டர் "அங்கிளுக்குப் புரிகிறது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என் காலை எடுக்கப் போறாங்களாம்மா?" காலைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

அந்த டாக்டர் தம்பி, "மகளுக்கு எப்படிச் சொல்வீங்க" என்று கேட்டாரே, அதை எங்கள் அப்பாவிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு இரவு முழுக்க அவர் அழுதிருக்க மாட்டார். அந்தத் தம்பி மேல் புகார் வேண்டாம்.

ராப்பணித் தாதி

யீஷூன் மகள், இது புகார் இல்லைம்மா, பயிற்சி மருத்துவருக்கு மேற்பார்வையாளர் எழுதும் மதிப்பீடு. உங்கள் அப்பா தலையாட்டியதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

எம்ஓ தம்பி சொன்னதற்கு வருகிறேன். இசிஜியில் மாற்றம் தெரிந்த நோயாளியைப் பற்றி மேலே சொல்வது வைத்தியம் தெரியாததால் இல்லை. நீங்கள் இன்னொரு வார்டில் மாட்டிக்கொண்டால் இந்த ஐயாவை நினைத்துப் பார்க்க இன்னொரு தலை வேண்டும், அதற்குத்தான். எம்ஓ கூப்பிடப்பட்டிருந்தால் அவர் கேட்டிருக்கும் முதல் கேள்வி, "சர்க்கரை எவ்வளவு, எப்போ பார்க்கிறீங்க?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

என் கதை இதற்கு நேர் எதிர். எங்கள் வார்டில் இருந்த எச்ஓ ஒருவர், மேற்பார்வையாளர் எதைச் சொன்னாலும் அழகாக எடுத்துக்கொள்வார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொள்வார், "இது எனக்கு ரொம்ப உதவியா இருந்தது" என்பார். தாதி கூப்பிட்டால் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. அதே வாரம் இரவில் ஒரு அம்மாவுக்கு மேல் ரத்த அழுத்தம் 85. கூப்பிட்டேன், "கவனிச்சுக்கோங்க" என்றார். மறுபடி கூப்பிட்டேன், அதே பதில். மூன்றாவது முறை நான் நேராக எம்ஓவைக் கூப்பிட்டேன். அந்த அம்மா கூடுதல் கண்காணிப்புக்காக எச்டியூவுக்குப் போனார்.

பின்னூட்டத்தை ஏற்கும் பண்பு மிகச் சிறப்பு என்று அந்த எச்ஓவுக்கு வந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற கிளினிக்

எனக்கு நடந்தது சின்னது. இளம் மருத்துவராக இருந்தபோது என் சீனியர் என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார், நான் வாயைத் திறக்கவில்லை. "அழுத்தக்காரன்" என்று பெயர் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் மேற்பார்வை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எம்ஓ தம்பி மினி சிஇஎக்ஸைப் பற்றிச் சொன்னது பாதி தவறு. அது ஒரு நோயாளியோடு பத்து, இருபது நிமிடம் நடப்பதை உட்கார்ந்து பார்த்து, அங்கேயே பேசித் திருத்துவதற்காக வந்தது. ஒன்பது புள்ளி அளவுகோலில் 4 முதல் 6 வரை திருப்தி, 7 முதல் 9 வரை சிறப்பு. முதல் வருடத்தில் ஒருவர் 5 வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோருக்கும் 7, 8 போட்டுப் போட்டு நாமே அந்த அளவுகோலைக் கெடுத்துவிட்டோம், அதனால்தான் தம்பி இப்படி நினைக்கிறார்.

இன்னொன்று. இரவு நடந்ததைப் பகல் மதியம் பேசாதீர்கள். முந்தின நாள் காலையிலிருந்து விழித்திருக்கும் மனிதரிடம் "ஏன்" என்று கேட்டால் "சரி" தவிர என்ன வரும்? தூங்கி எழுந்து வரட்டும். வந்ததும் ஏன் என்று கேட்காதீர்கள், "இன்சுலின் போட்டு முடித்தபோது மனதில் அடுத்து என்ன ஓடியது?" என்று கேளுங்கள். வேறு மூன்று வார்டிலிருந்து பேஜர் அடித்திருக்கலாம். சர்க்கரை இறங்கும் என்றே தெரியாமல் இருந்திருக்கலாம். டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தாயிற்று, அது போதும் என்று நினைத்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு வேலையைப் பங்கிட வேண்டும், இரண்டாவதைச் சொல்லிக்கொடுத்தால் தீரும், மூன்றாவதுதான் உண்மையில் கணிப்புக் குறை. எது என்று தெரியாமல் கட்டத்தில் எழுதுவது நோயறியாமல் மருந்து எழுதுவதுதான். பேசி முடித்ததும் அடுத்த முறை என்ன செய்வார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், தேதி போட்டு இருவரும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி

ஐயா, களைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அவர் கால் முடிந்து அன்று வீட்டுக்குப் போகுமுன்தான் பேசினோம்.

முதலில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தப் போஸ்டிங் முடிவதற்குள் இன்னொரு சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் 6.4 வந்தது, அதே தம்பியின் கால். மறுநாள் கோப்பைப் புரட்டினேன். சர்க்கரை 6.1 என்பதால் ஊசியோடு நிறுத்தாமல் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பும் போட்டிருந்தார். ஆறு மணி நேரத்துக்கு மணிக்கொரு முறை சர்க்கரை, 4க்குக் கீழே போனால் கூப்பிடவும் என்று எழுதியிருந்தார். இரண்டு மணி நேரத்தில் பொட்டாசியம் மறுபடி. எம்ஓவிடம் சொன்ன நேரமும் இருந்தது. என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை.

அதனால் படிவத்தில் மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். கணிப்பில்: அவசரத்தை அடையாளம் கண்டு சரியாகத் தொடங்குகிறார், தொடங்கியதன் பின்விளைவைக் கண்காணிக்க ஒரு முறை தவறினார், மேலே சொல்லவும் இல்லை. பேச்சில்: திரைக்குப் பின்னால் கேட்டதை அப்படியே எழுதி, இந்த நிலைக்கு எதிர்பார்ப்பதைவிட மேல் என்றேன். பின்னூட்டத்தில்: உரையாடலில் தம் யோசனையை வெளியே சொல்வதில்லை, ஆனால் அதே சூழல் மறுபடி வந்தபோது செய்கை முழுதாக மாறியிருந்தது என்று எழுதி, இரண்டு இரவுகளையும் குறிப்பிட்டேன். எம்ஓ தம்பி, "தன்னம்பிக்கை" என்ற வார்த்தையை நான் தொடவே இல்லை.

இருந்தும் சக மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. யோசனையை வெளியே சொல்லாதவரின் அடுத்த பிழை எங்கே இருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும், பொட்டாசியத்தில் திருந்தினார், வேறொன்றில்? என்கிறார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ராப்பணித் தாதி

அந்த இரண்டாவது இரவில் பணியில் இருந்த தாதியைக் கேட்டீர்களா டாக்டர்? கூப்பிடும் அளவை அவர் யாரிடமாவது விசாரித்து எழுதினாரா, தானாக எழுதினாரா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கால் முடிஞ்ச எம்ஓ

கேட்டு எழுதியிருந்தால் அது குறையா அக்கா? எனக்கு அதுதான் சரியான பதில் மாதிரித் தெரிகிறது. கூப்பிடுவதைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கூப்பிட்டதற்கு எனக்கு வந்த அந்த வரியை யார் திருப்பி எடுப்பார்கள்?

மூன்றாம் மாடி

குறை இல்லை தம்பி, கேட்டு எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எழுதியிருப்பேன். அடுத்த போஸ்டிங்கின் மேற்பார்வையாளரிடம் இந்த வாரம் பேசப் போகிறேன். தாதியையும் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.