சம்மாந்துறை வாய்க்கால் படம்: பழைய ஆள்கூறுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் 4 மீற்றர் வித்தியாசம்

வட்டவிதானை மகன் (சம்மாந்துறை)

எங்கட கண்டத்து வாய்க்கால் ஒதுக்கைப் பழைய அளவைப் படத்தில இருந்து QGISஇல ஏத்தியிருக்கன். படத்தில கிழக்கு 315 ஆயிரம், வடக்கு 240 ஆயிரம் கணக்கில வருது. RTK வச்சு அளந்த மதகுகளோட ஒப்பிட்டா, பழைய கோடு கிட்டத்தட்ட 4 மீற்றர் மேற்கால விழுது. இடத்துக்கு இடம் மாறுற திருத்தத்தை எழுதின கிரிட் கோப்புப் போட்டாச் சரியாகும் எண்டு ஒருத்தர் சொன்னார். எந்தக் கோப்பு, எப்பிடிப் போடுற?

ஆரையம்பதி ரவி

கிரிட் கோப்பெல்லாம் கனடா, அவுஸ்திரேலியா மாதிரி நாடுகளுக்கு. நீங்க பழைய ஆள்கூறு ரெண்டுலயும் 300,000 கூட்டுங்க. பழைய கிரிட்டுக்குப் பொய்த் தொடக்கம் 200,000, புதுசுக்கு 500,000. மறுகா மிஞ்சுற 4 மீற்றரையும் கிழக்கால நகர்த்தி விடுங்க. நான் இப்பிடித்தான் செய்யிற, ஒருத்தரும் குறை சொன்னதில்ல.

கல்முனைச் சேவயர்

ரவி சொன்ன 300,000 சரி. மிஞ்சினதை அப்பிடியே நகர்த்துறதுதான் பிழை. அந்த 4 மீற்றர் எங்க இருந்து வந்தது எண்டு தெரியாம நகர்த்தினா, நம்மட அளவைப் பிழையையும் சேர்த்துப் படத்துக்குள்ள புதைச்சுப் போடுவம்.

வித்தியாசத்தின்ர அளவே பாதிக் கதையைச் சொல்லிரும். பழைய படத்தின்ர கண்டவல டேட்டத்தை மாற்றாம அகலாங்கு, நெட்டாங்கை WGS84 எண்டு எடுத்திருந்தா, நம்மட பக்கத்தில 200 மீற்றரளவு தள்ளி விழும். புதுக் கிரிட்டின்ர டேட்டமான SLD99க்கான ஏழு அளவுருவில சுழற்சியின்ர குறியை மாத்திப் போட்டாலும் அதே 200 மீற்றரளவுதான். தம்பிக்கு 4 மீற்றர்தான் வந்திருக்கு. அப்ப டேட்டம் மாற்றம் ஏதோ நடந்திருக்கு. மிஞ்சினது ஒண்டில் பழைய முக்கோண அளவை வலையின்ர நெளிவு, இல்லாட்டி RTK பேஸ் வச்ச இடத்து ஆள்கூறு.

அதால கிரிட்டுக்குப் போக முதல் ஒரு கேள்வி. பேஸுக்கு ஆள்கூறு எங்க இருந்து எடுத்தீங்க? கருவியில "இப்ப நிக்கிற இடம்" எண்டு அமத்தி எடுத்ததெண்டா, அந்தப் பேஸே சில மீற்றர் பிழையா இருக்கும். ரோவர் சென்ரிமீற்றர் காட்டும், ஆனா முழு வேலையும் சேர்ந்து தள்ளியிருக்கும்.

வட்டவிதானை மகன்

அப்பிடியில்ல ஐயா. பேஸை நாலு மணித்தியாலம் பதிஞ்சு இணையத்தில PPPக்கு அனுப்பித்தான் எடுத்த.

கல்முனைச் சேவயர்

நல்ல வேலை. ஆனா PPP தந்தது இண்டைய திகதி ITRF ஆள்கூறு. இந்தியத் தட்டோட சேர்ந்து நம்மட தரையும் வருசத்துக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல வடகிழக்கால நகருது. SLD99 இன்ர அளவுருக்கள் 1999ஐ அண்டின காலத்து ஜிபிஎஸ் அளவையில கட்டினது. கால் நூற்றாண்டுக்கு ஒண்டரை மீற்றருக்குக் கிட்ட வரும், கிழக்காலயும் வடக்காலயும் ஏறக்குறைய ஒவ்வொரு மீற்றர். உங்கட பழைய கோடு மேற்கால விழுறதில ஒரு மீற்றர் இந்தக் கணக்கு. பழைய படத்தில அதுக்குப் பிழையே இல்ல.

பேஸைத் திணைக்களத்தின்ர SLD99 பெறுமானம் உள்ள ஒரு கட்டுப்பாட்டுத் தூணில வச்சு, அதே மதகுகளைத் திரும்ப அளங்க. அதுக்குப் பிறகு மிஞ்சுறதுதான் பழைய வலையின்ர பங்கு.

நிந்தவூர் நஸீர்

என்ட பிரச்சினையும் இதுதான். போன்ல கூகிள் மேப் திறந்தா, எங்கட வளவு வேலி பக்கத்து வளவுக்குள்ள 5 மீற்றர் போய் நிக்குது. இந்தக் கிரிட் போட்டா வேலி சரியாகுமா?

கல்முனைச் சேவயர்

நானா, உங்கட விசயம் வேற. போன் ஜிபிஎஸ்ஸே திறந்த வெளியில 3, 5 மீற்றர் ஆடும், மரத்துக்குக் கீழ இன்னும் கூட. செய்மதிப் படமும் தன்பாட்டுக்கு ரெண்டு மீற்றர் தள்ளியிருக்கலாம். அதில கிரிட் போட ஒண்டுமில்ல. வேலிப் பிரச்சினைக்கு உறுதியோட இருக்கிற படத்தையும் எல்லைக்கல்லையும் பார்க்கணும்.

வெல்லாவெளியான்

நான் முந்தித் தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்தவன். இந்த விவாதத்தின்ர தொடக்கமே எனக்குப் பிடிக்கல்ல. வாய்க்கால் ஒதுக்கு எண்டது காணி எல்லை. அதைத் தீர்மானிக்கிறது தரையில இருக்கிற கல், மதகு, படத்தில எழுதின நீளம், திசை. ஆள்கூறு அதுக்குப் பிறகுதான். கிரிட் போட்டு இழுத்தா ஒவ்வொரு மூலையும் வேற வேற அளவில நகரும், கோட்டு நீளம் மாறும், பரப்பு மாறும். நாளைக்கு வயல்காரர் "என்ட காணியில அரை பேர்ச்சஸ் குறையுது" எண்டு வந்தா யார் பதில் சொல்ற?

கல்முனைச் சேவயர்

கல் முதல், ஆள்கூறு பிறகு. அதில எனக்கும் மாற்றுக் கருத்தில்ல. ஆனா நீளம் மாறும் எண்டதை எண்ணிப் பாருங்க. கிழக்கு வித்தியாசம் கல்முனையில 3 மீற்றர், அக்கரைப்பற்றில 2 எண்டு வைப்பம். இருபது கிலோமீற்றருக்கு மேல ஒரு மீற்றர் மாற்றம். நூறு மீற்றர் வரம்பில அது அரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. வெற்றுச் சங்கிலி போட்டு அளந்த படத்துக்கு அது ஒண்டுமே இல்ல. பயப்பட வேண்டினது பிழையான ஒரு புள்ளியைக் கிரிட்டுக்குள்ள சேர்த்தா வரும் திடீர் வளைவுக்கு.

ஆரையம்பதி ரவி

சரி, கிரிட்தான் எண்டா கட்டித் தாறன். தம்பி தூண்ல பேஸ் வச்சுத் திரும்ப அளந்தார். பழைய பெறுமானம் தெரிஞ்ச 9 கட்டுப்பாட்டுப் புள்ளி, கல்முனை, அம்பாறை, அக்கரைப்பற்று எண்டு பரந்து கிடக்கு. ரெண்டு ஆள்கூறையும் கழிச்சு (300,000 எடுத்துப் போட்டு) வந்த மீற்றரைச் செக்கனாக்கி NTv2 கிரிட் கோப்பு எழுதிக் குடுத்தன். QGISஇல பைப்லைனில இந்தப் படி:

```
+step +proj=hgridshift +grids=ampara.gsb
```

வட்டவிதானை மகன்

போட்டன். மேற்கால 3 மீற்றர் இருந்தது இப்ப 6 ஆயிட்டுது. வடக்கு வித்தியாசம் குறைஞ்சது, ஆனா எந்தப் புள்ளியில பார்த்தாலும் ஒரு மீற்றர் மிஞ்சுது.

கல்முனைச் சேவயர்

ரெண்டும் தெளிவான அடையாளம்.

கிழக்கு மட்டும் இரட்டிச்சா, நெட்டாங்குக் குறி மாறியிருக்கு. NTv2இல நெட்டாங்குத் திருத்தம் மேற்கை நேராக எடுத்து எழுதுறது. நாம பழகினபடி கிழக்கை நேராப் போட்டா, திருத்தம் மற்றப் பக்கம் இழுக்கும். கிழக்கும் வடக்கும் சேர்ந்து இரட்டிச்சிருந்தா, கிரிட்டையே தலைகீழாப் போட்டிருக்கிறீங்க எண்டு சொல்லுவன்.

எல்லா இடத்திலும் ஒரே ஒரு மீற்றர் எண்டது கிரிட் எழுதின விதம். பழைய கிரிட்டான EPSG:5234 இன்ர தொடக்க அகலாங்கு 7.00048027..., புதுக் கிரிட்டான 5235 இன்ர 7.00047152... ரெண்டும் பிதுருதலாகலைதான், ஆனா எண்ணில 0.0315 செக்கன் வித்தியாசம். தரையில அது 97 சென்ரிமீற்றர். நெட்டாங்கிலயும் 22 சென்ரிமீற்றர் இருக்கு. ரவி தள ஆள்கூறைக் கழிச்சு வந்ததை அகலாங்கு வித்தியாசம் எண்டு எழுதிட்டார். முதல்ல ரெண்டு கிரிட் ஆள்கூறையும் தனித்தனியா அகலாங்கு, நெட்டாங்குக்குத் திருப்பி, அதுக்குப் பிறகு கழிக்கணும்.

இன்னொண்டு. கோப்புப் பேருக்கு முன்னால `@` போடாதீங்க. போட்டா, கோப்பு இல்லாட்டியும் PROJ சத்தம் போடாமத் தாண்டிப் போகும். படம் அசையாது, நீங்க திருத்தியாச்சு எண்டு நினைப்பீங்க.

ஆரையம்பதி ரவி

குறியைத் திருப்பி, அகலாங்கில கழிச்சு எழுதினன். இப்ப 9 புள்ளியும் 2 சென்ரிமீற்றருக்குள்ள பொருந்துது. வேலை முடிஞ்சுது.

கல்முனைச் சேவயர்

முடியல்ல. கிரிட் கட்டின புள்ளியிலேயே கிரிட்டைச் சோதிச்சா எப்பவும் பொருந்தத்தான் செய்யும். ஒரு புள்ளியை வெளிய எடுத்து, மிச்ச எட்டால கிரிட் கட்டி, எடுத்த புள்ளியில எவ்வளவு தவறுது எண்டு பாருங்க. ஒவ்வொண்டா ஒன்பதுக்கும்.

வட்டவிதானை மகன்

இரவெல்லாம் இருந்து செய்த. எட்டுப் புள்ளியில 20 முதல் 35 சென்ரிமீற்றர். கடற்கரையில இருக்கிற ஒண்டு மட்டும் 4 மீற்றர் தவறுது.

வெல்லாவெளியான்

அந்தக் கடற்கரைத் தூணைப் போய்ப் பாருங்க. 2004 சுனாமியில கரையோரத் தூண்கள் பல போயிற்று. திரும்பக் கட்டினதெண்டா பழைய பேர் இருக்கும், பழைய இடம் இருக்காது.

வட்டவிதானை மகன்

பார்த்த. சீமெந்து புதுசு, அடிப் பட்டையும் வேற. அதை எடுத்துப் போட்டு எட்டோட கட்டினன். சேவயர் ஐயாவுக்காக இன்னொண்டும் செய்தன்: கிரிட்டுக்குப் பதிலா இடப்பெயர்ச்சி, சுழற்சி, அளவுத்திட்டம் மட்டும் வச்ச நாலு அளவுரு மாற்றம். அதே முறையில சோதிச்சா அதுவும் 40 சென்ரிமீற்றருக்குள்ள வருது. ரவி அண்ணன் முதல் சொன்ன சராசரி நகர்த்தல் மட்டும் எண்டா, அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு மீற்றர் மிஞ்சுது.

வெல்லாவெளியான்

அப்ப என்னத்துக்குக் கிரிட்? எட்டுப் புள்ளியில நாலு அளவுருவும் கிரிட்டும் ஏறக்குறைய ஒண்டுதான். நாலு அளவுரு எண்டா வடிவம் கெடாது, என்ன செய்தம் எண்டு ஒரு தாளில எழுதி வைக்கலாம், அடுத்தவரும் திரும்பச் செய்யலாம். .gsb கோப்பு ஆற்றயும் பென்டிரைவில தொலைஞ்சு போகும்.

கல்முனைச் சேவயர்

இந்தக் கண்டத்துக்கு மட்டும் எண்டா நானும் நாலு அளவுருவைத்தான் எடுப்பன். ஆனா தம்பி நாளைக்குப் பொத்துவில் வரைக்கும் கொண்டு போகப் போறன் எண்டா, ஒரே நாலு அளவுரு ரெண்டு முனையையும் தாங்காது. பழைய வலை பகுதி பகுதியா நெளிஞ்சிருக்கு, அங்கதான் கிரிட் தன்ர வேலையைக் காட்டும். அதுக்குப் புள்ளி பத்துக் கிலோமீற்றருக்கு ஒண்டாவது வேணும். கிரிட் கண்ணியை 2 கலைக்கு வச்சு அழகாக் காட்டலாம். புள்ளி இல்லாத இடத்தில அது வெறும் ஊகம்.

ஆரையம்பதி ரவி

நான் இன்னும் சொல்லுறன், படம் பார்க்கிற அளவுக்கு ஒரு மீற்றர் ஒரு பிரச்சினையே இல்ல.

வெல்லாவெளியான்

வாய்க்கால் ஒதுக்கு எத்தனை மீற்றர் அகலம் எண்டு அவரிட்டக் கேளுங்க ரவி.

வட்டவிதானை மகன்

கிளை வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டரை மீற்றர். நாலு அளவுருவில போட்டாச்சு, பழைய கோடு இப்ப பதினொரு மதகில பத்தை ஊடறுக்குது. பதினோராவது மதகு 80 சென்ரிமீற்றர் வெளிய நிக்குது. அது திரும்பக் கட்டின மதகோ எண்டு வட்டவிதானையிட்டக் கேக்கப் போறன். திருக்கோவில், பொத்துவில் பக்கம் பழைய தூண் நிக்கிற இடம் யாருக்கும் தெரிஞ்சாச் சொல்லுங்க. படத்தோட அனுப்பினாப் போதும், நான் போய் அளக்கிறன்.